மதியம் ட்ரிப் ஆகும் சில்லர்: தண்ணியில் எங்கே தேடுவது

ஏப்ரல் வந்தால் பல்லடம், அன்னூர், சோமனூர் பக்க மில்களிலிருந்து எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். "ஏனுங்ணா, சில்லர் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹெட் பிரஷர்ல நின்னு போகுதுங். சாயங்காலம் தன்னால ஓடுதுங்." பாதிப் பேர் அதற்குள் கேஸ் ஏற்றிப் பார்த்திருப்பார்கள். மீதிப் பேர் கெமிக்கல் டோஸை இரண்டு மடங்கு ஆக்கியிருப்பார்கள். இரண்டையும் செய்வதற்கு முன்னால் நான்கு வெப்பநிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை.

சில்லர் ஹெட் பிரஷரில் நிற்கிறது

எடுக்க வேண்டியவை: வெளிக்காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை, கூலிங் டவரிலிருந்து கன்டென்சருக்குள் போகும் தண்ணி, கன்டென்சரை விட்டு வெளியே வரும் தண்ணி, சில்லர் பேனலில் காட்டும் கன்டென்சிங் வெப்பநிலை. ஈரக்குமிழுக்குத் தனியாகக் கருவி தேட வேண்டாம். ஸ்பின்னிங் மில்லில் ஈரப்பதம் பார்க்கும் ஆளிடம் சுழற்றும் தெர்மாமீட்டர் இருக்கும்.

போன கோடையில் ஒரு மில்லில் எடுத்த அளவுகள் இவை. 300 டன் சில்லர், மூன்று ஷிப்டும் ஓடும். ஈரக்குமிழ் 26, கன்டென்சருக்குள் போகும் தண்ணி 31.5, வெளியே வருவது 37, கன்டென்சிங் 44.5.

டவர் தருகிற தண்ணி ஈரக்குமிழை விட 5.5 டிகிரி மேலே இருக்கிறது. கோடை லோடுக்கு இது பரவாயில்லை, டவர் தன் வேலையைச் செய்கிறது. இந்த இடைவெளி எட்டு, ஒன்பது என்று இருந்தால் ஃபில் அடைத்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று டவரின் மேல் ஏறிப் பார்க்க வேண்டும். அடுத்து, உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம் 5.5. இதுவும் சரிதான். இது ஏழு, எட்டு ஆகியிருந்தால் தண்ணி குறைவாக ஓடுகிறது என்று அர்த்தம். ஸ்ட்ரெய்னரைக் கழற்றுங்கள். பஞ்சு கை நிறைய வரும்.

கடைசி இடைவெளிதான் குற்றவாளி. கன்டென்சிங் 44.5, வெளியேறும் தண்ணி 37, வித்தியாசம் 7.5. இதைத்தான் கன்டென்சர் அப்ரோச் என்கிறோம். கமிஷனிங் தாளில் முழு லோடில் 1.4 என்று எழுதியிருந்தது. கேஸுக்கும் தண்ணிக்கும் நடுவில் ஏதோ போர்வை மாதிரி படுத்திருக்கிறது. காற்று உள்ளே புகுந்திருந்தாலும் அப்ரோச் கூடும். ஆனால் அது பெரும்பாலும் திடீரென்று வரும். லாக் புக்கைப் புரட்டினால் இந்த மில்லில் மார்ச் முதல் வாரத்தில் 2, மூன்றாம் வாரத்தில் 3.5, ஏப்ரலில் 7.5. இப்படி வாரம் வாரமாக ஏறினால் டியூபுக்குள் படிவுதான். கன்டென்சிங் ஒரு டிகிரி ஏறினால் கரண்ட் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். ஆக, ட்ரிப் ஆவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பில்லில் காசு போய்க்கொண்டிருந்தது.

படிந்தது சுண்ணாம்பா, வழும்பா

கன்டென்சர் மூடியைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று, சேறு நாற்றத்தோடு இருந்தால் அது உயிர்ப் படிவு. கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும், ஆனால் சுண்ணாம்பை விட மோசமாக வெப்பத்தைத் தடுக்கும். ஒரே கனத்துக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு.

சொரசொரவென்று இருந்தால் நகக்கண் அளவு சுரண்டி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கிக் கரைந்தால் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. பொங்கி முடிந்து அடியில் பழுப்பு நிறம் நின்றால் துருவும் கலந்திருக்கிறது. பொங்கவே இல்லை, கரையவும் இல்லை என்றால் சிலிகாவாக இருக்கலாம். அப்படி இருந்தால் சாதாரண ஆசிட் வாஷுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள், அது அசையாது.

இந்த மில்லில் பொங்கியது. டியூபின் உள்ளே முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதுவும் தண்ணி வெளியேறுகிற சூடான முனையில்தான் அதிகம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு நேர் எதிர். தண்ணி சூடாகிற இடத்தில்தான் அது இறங்கி உட்காரும்.

கால்சியம் எங்கே போனது

படிவைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஏன் படிந்தது, இன்னும் படிகிறதா என்பதைத் தண்ணியிடம்தான் கேட்க வேண்டும். இதற்கு நான் நம்புகிற சோதனை ஒன்றுதான். டவருக்குள் ஊற்றும் மேக்கப் தண்ணி ஒரு பாட்டில், டவர் பேசின் தண்ணி ஒரு பாட்டில். இரண்டிலும் கால்சியம் ஹார்ட்னஸ், குளோரைடு இரண்டையும் பார்க்க வேண்டும்.

டவரில் ஆவியாகிப் போவது சுத்தத் தண்ணி. உப்பெல்லாம் உள்ளேயே தங்கிச் சேரும். மேக்கப்பை விட எத்தனை மடங்கு சேர்ந்திருக்கிறதோ அதுதான் சைக்கிள். குளோரைடு எதனோடும் சேர்ந்து படியாது. ஆகவே குளோரைடு எத்தனை மடங்கோ, அதுதான் உண்மையான சைக்கிள். கால்சியமும் அதே மடங்கில் இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்த அளவு எங்கேயோ ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

இந்த மில்லில் மேக்கப்பில் குளோரைடு 220 பிபிஎம், டவரில் 990. நாலரை சைக்கிள். மேக்கப்பில் கால்சியம் 280, டவரில் இருந்திருக்க வேண்டியது 1260. கிட்டில் வந்தது 700. லிட்டருக்கு 560 மில்லிகிராம் காணவில்லை.

ஹைப்போகுளோரைட் தினமும் ஊற்றுகிற இடத்தில் அதுவே குளோரைடைக் கூட்டிக் கணக்கைக் கெடுக்கும். அதனால் மக்னீசியத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே மக்னீசியம் 4.4 மடங்கு வந்தது. ஆக குளோரைடு சொன்னது சரிதான்.

இதைக் கிலோவாக மாற்றினால்தான் ஆபரேட்டருக்கும் முதலாளிக்கும் உறைக்கும். மணிக்கு ஓடும் தண்ணி 200 கன மீட்டர், லோடின் சராசரியில் வெப்ப வித்தியாசம் 5 டிகிரி.

```
E = 0.00153 x 200 x 5  = 1.53, ஏறக்குறைய 1.5 m3/h
B = E / (COC - 1) = 1.5 / 3.5 = 0.43 m3/h
M = E + B = 1.93 m3/h
```

இதில் E ஆவியாவது, COC சைக்கிள், B உப்பு சேராமல் இருக்க வடித்து விடும் ப்ளோடவுன், M மேக்கப். மணிக்கு உள்ளே வரும் கால்சியம் 1.93 × 280, அதாவது 540 கிராம். ப்ளோடவுனில் வெளியே போவது 0.43 × 700, 300 கிராம். மீதி 240 கிராம் உள்ளேயே நிற்கிறது. ஒரு நாளைக்கு 5.75 கிலோ. எல்லாமே கன்டென்சருக்குள் போகாது, ஃபில்லிலும் பேசினிலும் பாதி உட்காரும். இருந்தாலும் தினமும் ஆறு கிலோ சுண்ணாம்பை டவருக்குள் கொட்டுகிற மாதிரிதான். நான் இதைச் சொன்னதும் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர் காகிதத்தை வாங்கி மறுபடி பெருக்கிப் பார்த்தார்.

ப்ளோடவுன் வால்வு வேலை செய்கிறது, ஆனாலும் படிகிறது

வால்வு அடைக்கவில்லை, சோலனாய்டு கெடவில்லை, புரோபையும் துடைத்து வைத்திருந்தார்கள். பிறகு எப்படி? அந்த ஆபரேட்டர் தம்பி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாலு சைக்கிள் ஓட்டோணும்னு நீங்கதானுங்ணா சொன்னீங். அதே நாலுதான் ஓட்டறேனுங்."

தம்பி சொன்னது நிஜம்தான். நான் நாலு என்று சொன்னது, பவானி ஆற்றுத் தண்ணி லாரியில் வந்துகொண்டிருந்தபோது. அந்தத் தண்ணியின் கண்டக்டிவிட்டி 400, கால்சியம் 70. ப்ளோடவுன் வால்வு திறக்கும் செட்பாயின்ட் 1600 வைத்தோம். மார்ச்சில் லாரித் தண்ணி நின்று போர்வெல்லுக்கு மாறினார்கள். போர் தண்ணி 1600. அதாவது உள்ளே வரும் தண்ணியே செட்பாயின்ட் அளவு. வால்வு மூடவே இல்லை, பேசின் மட்டம் இறங்கியது. பையன் யோசித்து, 1600-ஐ நான்கால் பெருக்கி 6400 என்று மாற்றி வைத்துவிட்டான். கணக்கில் தப்பில்லை. தப்பு என்னுடையது. சைக்கிள் எண்ணைச் சொன்னேனே தவிர அது எந்தத் தண்ணிக்கு என்று எழுதிக் கொடுக்கவில்லை. நாலு நல்லது, ரெண்டு கெட்டது என்று எதுவும் இல்லை. உள்ளே வரும் தண்ணியில் கால்சியமும் காரத்தன்மையும் எவ்வளவு என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கும்.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சுண்ணாம்பு படிந்து தண்ணியை விட்டுப் போனால் கண்டக்டிவிட்டி குறையும். மீட்டர் 6400-ஐத் தொட நேரமாகும், வால்வு தாமதமாகத் திறக்கும். அதற்குள் குளோரைடு நான்கைத் தாண்டி நாலரைக்குப் போய்விட்டது. எவ்வளவு படிகிறதோ அவ்வளவுக்கு மீட்டர் "எல்லாம் சரி" என்று சொல்லும். அதனால்தான் மீட்டரை மட்டும் நம்பி உட்காராமல், மாதம் ஒரு முறையாவது கால்சியம், குளோரைடு விகிதம் பாருங்கள் என்கிறேன்.

இன்னொரு மில்லில் வேறு கதை. கையில் வைத்துப் பார்க்கிற டிடிஎஸ் மீட்டரின் பிபிஎம் எண்ணைப் பார்த்து, கண்டக்டிவிட்டி கன்ட்ரோலரைத் திருத்தியிருந்தார்கள். டிடிஎஸ் எண் கண்டக்டிவிட்டியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் செட்பாயின்ட் ஒன்றரை மடங்கு தப்பும்.

இனி என்ன வைப்பது? இந்த போர் தண்ணியில் காரத்தன்மை 320. பாஸ்போனேட்டும் பாலிமரும் சேர்ந்த நல்ல தடுப்பு மருந்து போட்டாலும், ஆசிட் இல்லாமல் இரண்டு சைக்கிளுக்கு மேல் நான் ஓட்ட மாட்டேன். ஆனால் இரண்டு சைக்கிள் என்றால் ஆவியாகிற அளவுக்குச் சமமாகத் தண்ணியை வெளியே விட வேண்டும். மணிக்கு 1.5 கன மீட்டர் ப்ளோடவுன், 3 கன மீட்டர் மேக்கப். ஆயிரம் அடிக்குக் கீழே போன போரிலிருந்து நாளைக்கு 72 ஆயிரம் லிட்டர் எடுத்து அதில் பாதியைக் கீழே விட எந்த முதலாளிக்கும் மனசு வராது.

கடைசியில் போர் தண்ணியும் ஆற்றுத் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தோம். கலந்த தண்ணியில் கண்டக்டிவிட்டி 1000, கால்சியம் 175. மூன்று சைக்கிள் ஓட்டலாம், செட்பாயின்ட் 3000. டவரில் கால்சியம் 525 நிற்கும். ப்ளோடவுன் 0.75, மேக்கப் 2.25. ஒரு நாளைக்கு 12 ஆயிரம் லிட்டர் லாரி இரண்டுக்குச் சற்று மேலே வாங்க வேண்டும். லாரி வராத நாளில் வெறும் போர் தண்ணி ஓடினாலும், அதே 3000-ல் சைக்கிள் 1.9 ஆகத் தானே இறங்கும், கால்சியம் அப்போதும் 530-க்குள்தான். இது இந்த இரண்டு தண்ணிக்கும் தற்செயலாக அமைந்தது. உங்கள் தண்ணிக்கு நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் முழுக்க ஆற்றுத் தண்ணி வரும்போது 3000-ஐ அப்படியே விட்டால் சைக்கிள் ஏழரைக்கு ஏறும். அப்போது பழைய 1600-க்கு இறக்கிவிட வேண்டும். இந்த மூன்று வரியையும் பேனல் கதவின் உள்பக்கம் தாளில் ஒட்டியாயிற்று.

ப்ளோடவுன் கூடினால் மருந்தும் அதோடு வெளியே போகும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். டவரில் 80 பிபிஎம் நிற்க வேண்டுமானால், பழைய 0.43-க்கு நாளைக்கு 0.83 கிலோ போதும். 0.75 ஆனபின் 1.44 கிலோ. டோசிங் பம்பின் ஸ்ட்ரோக்கைத் தொடாமல் ப்ளோடவுனை மட்டும் கூட்டினால் மருந்து ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வெளியேறும் தண்ணியைத் தென்னந்தோப்புக்கு விடுவது நம் பக்க வழக்கம். பயோசைடு போட்ட அன்றைக்கும் மறுநாளும் மட்டுமாவது விடாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரைந்த உப்புக்கு வைத்திருக்கும் வரம்பு 2100 பிபிஎம். 3000 கண்டக்டிவிட்டி ஏறக்குறைய அதற்குள் நிற்கும். 6400 கிட்டவே வராது.

இருக்கும் படிவைக் கழுவுவது

சல்பாமிக் அமிலம், தாமிரத்துக்கான தடுப்பானோடு, கன்டென்சரை மட்டும் தனியாகச் சுற்றி ஓட்ட வேண்டும். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ அமிலம் பிடிக்கும். பிஎச் மூன்றுக்கு மேல் ஏறினால் அமிலம் தீர்ந்தது என்று பொருள், இன்னும் சேர்க்கலாம். ஏறாமல் அரை மணி நேரம் அப்படியே நின்றால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது, நிறுத்துங்கள். பொங்கும் காற்று வெளியேற மேலே வென்ட் திறந்திருக்க வேண்டும். ஹைப்போ டிரம்மை அந்தப் பக்கமே வைக்காதீர்கள். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும், ஆளைக் கொல்லும். முடிந்ததும் சோடா சாம்பல் போட்டுச் சமன் செய்து, அலசி, நைலான் பிரஷ். இந்த மில்லில் கழுவியபின் அப்ரோச் 1.8-க்கு வந்தது. கமிஷனிங் அளவு 1.4 திரும்ப வரவில்லை.

தண்ணி சிவக்கிறது

சுண்ணாம்புக்குப் பயந்து மேக்கப் முழுவதையும் சாப்ட்னர் வழியாக விட்டவர்களிடம் இது வரும். கால்சியமே இல்லாத தண்ணி, அதுவும் டவரில் காற்றில் குளித்து ஆக்சிஜன் நிறைந்து ஓடும் தண்ணி, எம்.எஸ். குழாயைத் தின்னும். முழுக்க ஆர்.ஓ. தண்ணி ஊற்றினாலும் அப்படியே. டவரில் கால்சியம் 100 பிபிஎம்முக்குக் கீழே போகாமல், கொஞ்சம் கச்சாத் தண்ணி கலந்துவிட்டால் பாதிப் பிரச்சனை தீரும்.

எவ்வளவு அரிக்கிறது என்பதைத் தண்ணியின் நிறம் சொல்லாது. ரிட்டர்ன் லைனில் எடை போட்ட உலோகத் துண்டை, அதாவது கூப்பானை, மாட்டி 60 அல்லது 90 நாள் கழித்து எடையைப் பாருங்கள். எம்.எஸ். வருடத்துக்கு 3 மில்லுக்குள், தாமிரம் 0.2-க்குள் இருந்தால் நான் கைவைக்க மாட்டேன். இங்கே மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எடையோடு குழியையும் பாருங்கள். சராசரி 2 வந்தாலும் நடுவில் ஊசிக் குழி விழுந்திருந்தால் அதுதான் குழாயை ஓட்டையாக்கும்.

குளோரின் வாசம் அடிக்கிறது, ஆனாலும் வழும்பு

இங்கே பிஎச்சைப் பாருங்கள். போர் தண்ணி கலந்து மூன்று சைக்கிள் ஓடினால் 8.8 வரும். அந்த பிஎச்சில் நீங்கள் போடும் குளோரினில் நூறில் ஐந்து பங்குதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். மீதி கிட்டில் நிறம் காட்டும், வேலை செய்யாது. டோஸைக் கூட்டினால் தாமிரம்தான் அரியும். ஹைப்போவோடு சோடியம் புரோமைடு சேர்த்தால் அதே பிஎச்சில் பாதிக்குப் பக்கம் வேலை செய்யும் வடிவில் கிடைக்கும். சூடான ரிட்டர்ன் தண்ணியில் 0.3 முதல் 0.5 பிபிஎம் நிற்கட்டும். டோஸ் சாயங்காலம் போடுங்கள், வெயில் குளோரினைத் தின்றுவிடும்.

ஸ்பின்னிங் மில்லுக்கு இன்னொரு தொல்லை பஞ்சுத் தூசி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கழிவுப் பஞ்சுக் குடோன் பக்கமிருந்து டவருக்குள் பறந்து வரும். கிருமிக்கு அதுதான் சோறு. லூவருக்கு வெளியே வலை கட்டி வாரம் இரண்டு முறை தட்டுங்கள். குளோரின் எட்டாத தடித்த வழும்புக்கு வாரம் ஒரு முறை குளூட்டரால்டிஹைடு அல்லது ஐசோதயசோலின் போடலாம். போட்டு நாலைந்து மணி நேரம் ப்ளோடவுனை மூடி வையுங்கள், இல்லையென்றால் மருந்து சாக்கடைக்குப் போகும். டவரைக் கழுவும் ஆள் முகக்கவசம் போட வேண்டும். அந்தத் துளியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா இருக்கலாம்.

சில்டு வாட்டர் பக்கம்

மூடிய லூப்புக்குத் துருவைத் தடுக்க நைட்ரைட் 800 பிபிஎம் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். முதலில் உங்கள் லூப் மூடியதுதானா என்று பாருங்கள். பல ஸ்பின்னிங் மில்லில் சில்டு வாட்டர் நேராக ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டின் ஏர் வாஷரில் தெளிக்கப்படுகிறது. அந்தக் காற்றைத்தான் ரிங் பிரேம் ஓட்டும் பெண்கள் எட்டு மணி நேரம் மூச்சாக இழுக்கிறார்கள். அதில் நைட்ரைட்டோ குளூட்டரால்டிஹைடோ ஊற்றக் கூடாது. தெளிக்கும் தண்ணி காற்றிலுள்ள பஞ்சையெல்லாம் கழுவி உள்ளே கொண்டுவரும், ஆக்சிஜனும் ஏறும். அங்கே ரோட்டரி பில்டரும், சம்பிலிருந்து தினசரி கொஞ்சம் வடிப்பதும்தான் மருந்து. முடிந்தால் நடுவில் பிளேட் ஹீட் எக்சேஞ்சர் வைத்து இரண்டு தண்ணியையும் பிரித்துவிடுங்கள். பிரித்தபின் சில்லர் பக்கம் நிஜமாகவே மூடிய லூப் ஆகும், நைட்ரைட் அங்கே போடலாம்.

அந்த மூடிய லூப்பில் நைட்ரைட் 800 இருந்தது, ஒரு மாதத்தில் 300 ஆகிவிட்டது என்றால் உடனே டிரம்மைத் தூக்காதீர்கள். கண்டக்டிவிட்டியையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, புதுத் தண்ணி ஏறுகிறது. பம்ப் கிளாண்டிலிருந்து தேடுங்கள். மேக்கப் லைனில் ஒரு சின்ன வாட்டர் மீட்டர் இருந்தால் இந்தத் தேடலே வேண்டாம். கண்டக்டிவிட்டி அப்படியே இருக்க நைட்ரைட் மட்டும் இறங்கியிருந்தால் கிருமி அதைத் தின்கிறது. அப்போது இன்னும் நைட்ரைட் ஊற்றுவது கிருமிக்குப் பந்தி வைப்பதுதான். முதலில் பயோசைடு போட்டு, டிப் ஸ்லைடை 48 மணி நேரம் வைத்துப் பார்த்து, எண்ணிக்கை இறங்கியபிறகு நைட்ரைட்டை நிரப்புங்கள்.